முகமாற்று உருவப்பட அச்சாக்கம்

முகமாற்று உருவப்பட அச்சாக்கம் என்பது ஒருவரின் ஒளிப்படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, வேறொரு ஒளிப்படத்தில் உள்ள உடலின் மீது பொருத்தி, அவ்வாறு கிடைக்கும் உருவப்படத்தைச் சட்டமிடுவதற்காகத் தாளில் அச்சிடுவதாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மறைந்தவரின் நினைவுப் படத்திற்காகச் செய்யப்படுகிறது. குடும்பத்தில் அவருக்கெனத் தனிப்படம் இல்லாதபோது, திருமணக் குழுப்படத்திலோ அடையாள அட்டையிலோ உள்ள சிறு முகமே மூலமாகிறது. உடல், ஒளிப்பட நிலையங்கள் வைத்திருக்கும் ஆயத்தப் படங்களிலிருந்து வருகிறது. ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும், பெண்களுக்குப் பட்டுப்புடவையும் வழக்கம்.

இத்தகைய அச்சில் குறை தோன்றும்போது, அது பெரும்பாலும் முகம் தெளிவற்றிருப்பதால் வருவதில்லை. முகமும் உடலும் வெவ்வேறு அளவில் தெளிவாக இருப்பதாலும், வெவ்வேறு நிறம் காட்டுவதாலும் வருகிறது. மங்கலான படத்தைப் பழைய படம் என்று கண் ஏற்றுக்கொள்கிறது. மங்கலான முகத்தின் கீழ் ஒவ்வோர் இழையும் தெரியும் புடவை இருந்தால், அதை ஒட்டுப்படம் என்று உடனே கண்டுகொள்கிறது. பிரிதிறன், நிற விவரக்கோப்பு, தாளின் மேற்பரப்பு ஆகிய மூன்றையும் தேர்வதில் இந்த வேறுபாட்டைக் குறைப்பதே நோக்கமாகும்.

== முன்வரலாறு ==

கணினிக்கு முன்பும் இவ்வேலை நடந்தது. முகத்தைப் பிளேடால் வெட்டி வேறு படத்தின் மீது ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மறைத்து, முழுவதையும் மீண்டும் படமெடுத்து அச்சிட்டனர். மீண்டும் படமெடுக்கும்போது முகமும் உடலும் ஒரே அளவு மங்கி, ஒரே மணியுருவைப் பெற்றன. இந்த இயல்பான நன்மை எண்ணிம முறையில் இல்லை. அதனைத் தனியாகச் செய்ய வேண்டியுள்ளது.

இவ்வகையில் உலகில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு ஆபிரகாம் லிங்கனின் அச்சுப்படமாகும். முழு உருவமாக நிற்கும் அப்படத்தில் உள்ள உடல், தென்கரோலினாவின் அரசியல்வாதி ஜோன் கல்கூனுடையது. 1852இல் வெளிவந்த கல்கூனின் செதுக்கச்சில் தலை மட்டும் மாற்றப்பட்டது. லிங்கனின் தலை 1864இல் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றிலிருந்து இடவலம் மாறிப் பதிக்கப்பட்டதால், அவரது கன்னத்து மச்சம் தவறான பக்கத்தில் அமைந்தது. இப்படம் ஒட்டு என்பது பின்னர் வெளிப்பட அந்த மச்சமே காரணமாயிற்று.

அதே தவறு இன்றும் நிகழ்கிறது. உடலின் மீது விழும் ஒளி வலப்பக்கமும் முகத்தின் மீது விழும் ஒளி இடப்பக்கமும் இருந்தால், முகத்தை இடவலமாகத் திருப்புவது எளிய வழியாகத் தெரியும். ஆனால் மூக்குத்தியின் பக்கம், வகிடு, மச்சம் யாவும் மாறிவிடும். அம்முகத்துடன் வாழ்ந்தவர்களுக்கு என்ன மாறியது என்று சொல்லத் தெரியாமல் போகலாம், ஆனால் முகம் அவருடையதாக இல்லை என்று மட்டும் தெரியும். உடலைத் திருப்பினாலும் சிக்கல் உண்டு: முந்தானை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குச் சென்றுவிடும். ஒளி பொருந்தும் வேறோர் உடற்படத்தைத் தேடுவதே சரியான வழி.

== ஆரணிப் பட்டு தரும் சிக்கல் ==

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றதாகும். நெசவுக் குடும்பம் ஒன்றின் நினைவுப் படத்தில் புடவை வெறும் பின்னணி அன்று. பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த பட்டு, ஒளி விழும் கோணத்திற்கேற்ப நிறம் மாறித் தெரியும். கரைச் சரிகை ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பரப்பு. இவ்விரண்டையும் நாள்தோறும் கையாளும் கண்கள், அச்சில் தெரியும் பிழையை மற்றவர்களைவிட விரைவில் பிடித்துவிடும்.

அச்சாக்கத்தின் நோக்கில் பட்டு இரு வகையில் கடினமானது. மிகச் செறிவான அரக்கு, இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை போன்ற நிறங்கள் தாளின் சாயங்களால் காட்டக்கூடிய எல்லைக்கு வெளியே போய்விடக்கூடும். அப்போது மடிப்புகளின் நிழல் மறைந்து, புடவை ஒரே நிறப் பட்டையாகத் தட்டையாகிறது. அடுத்து, நெருக்கமான சரிகைக் கோடுகள் படத்தைச் சிறிதாக்கும்போது ஒன்றோடொன்று குழம்பி, நெசவில் இல்லாத அலைக்கோடுகளைத் தோற்றுவிக்கின்றன. இவை திரையில் ஒரு உருப்பெருக்கத்தில் தெரிந்து இன்னொன்றில் மறையும். எனவே 100% அளவில் பார்த்தபோதும் இருந்தால் மட்டுமே அவை கோப்பில் உள்ளன என்று கொள்ள வேண்டும்.

== பிரிதிறன் ==

பிரிதிறன் என்பது தாளின் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படவணுக்கள் அமைகின்றன என்பதாகும். ஒளிப்பட ஆய்வகங்களில் லேசர் ஒளியால் வண்ணத்தாளில் அச்சிடும் பொறிகள் பொதுவாக அங்குலத்திற்கு 300 படவணுக்களை எதிர்பார்க்கின்றன. ஆகவே 8×12 அங்குல அச்சிற்கு 2400×3600 படவணுக்களும், 12×18 அங்குல அச்சிற்கு 3600×5400 படவணுக்களும் வேண்டும்.

முழுக்கோப்பும் இந்த அளவில் இருப்பது போதாது. மூலத்திலிருந்து முகத்திற்கு உண்மையில் எத்தனை படவணுக்கள் கிடைத்தன என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, 1990களில் எடுக்கப்பட்ட 4×6 அங்குல வண்ணத் திருமணக் குழுப்படம் ஒன்றில், மூதாட்டி ஒருவரின் முகம் மோவாயிலிருந்து உச்சி வரை 15 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். அதனை அங்குலத்திற்கு 600 என்ற அளவில் வருடினால் முகத்தின் உயரத்திற்கு ஏறத்தாழ 354 படவணுக்கள் கிடைக்கும். 1200 என்ற அளவில் வருடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஆனால் விவரம் இரட்டிப்பாகாது. அத்தகைய தாள் அச்சில் பொதுவாக அவ்வளவு நுண்ணிய விவரம் இருப்பதில்லை. கூடுதலாகப் பதிவது தாளின் சொரசொரப்பும் தூசியும்தான்.

குடும்பம் 12×18 அங்குலத்தில் மார்பளவுப் படம் கேட்டால், அதில் தலை ஏறக்குறைய 5 அங்குல உயரம் இருக்கும். 354 படவணுக்களை 5 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு 71 மட்டுமே கிடைக்கிறது. இதே முகத்தை 8×12 அங்குலத்தில், முழங்கால் வரை அமர்ந்திருக்கும் உருவத்தில் பொருத்தினால் தலை 2 அங்குலம் இருக்கும். பிரிதிறன் 177 ஆகும். எவ்வளவு பெரிய சட்டம் என்பதைவிட, சட்டத்திற்குள் தலை எவ்வளவு பெரியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பெரிய சட்டம் கட்டாயம் வேண்டுமென்றால், உருவத்தைச் சிறிதாக வைத்துச் சுற்றிலும் வெண்ணிற அட்டை விளிம்பு இடுவது, முகத்தை இழுத்துப் பெரிதாக்குவதைவிட நல்லது.

சுவரில் உள்ள படத்தை இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அங்குலத்திற்கு ஏறத்தாழ 45 புள்ளிகளுக்கு மேல் பிரித்தறிய இயலாது என்பதும், அரை மீட்டரில் அது 175 ஆகிறது என்பதும் கண்ணின் கூர்மையைக் கொண்டு கணக்கிடத்தக்கவை. அதனால் 71 என்பது சுவரில் தாங்கும் என்று வாதிடலாம். ஆனால் நினைவுப் படத்தை யாரும் தொலைவிலிருந்து மட்டும் பார்ப்பதில்லை. பொட்டு இடவும் மாலை மாற்றவும் ஒரு முழத்திற்குள் வருகின்றனர்.

படச்சுருளின் நெகட்டிவ் கிடைத்தால் தாள் அச்சைவிட அதனை வருடுவது மேலானது. மேற்சொன்ன முகம் 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். எனினும் அதற்குரிய வருடியில் அங்குலத்திற்கு 4000 என்ற அளவில் வருடும்போது 560 படவணுக்கள் கிடைக்கின்றன. சட்டத்தில் மாட்டி ஒளி பட்ட அச்சைவிட நிறமும் பெரும்பாலும் குறைவாகவே மங்கியிருக்கும்.

இனி இரண்டையும் ஒரே தெளிவிற்குக் கொண்டுவர வேண்டும். முதலில் உடற்படத்தை இறுதி அளவான 2400×3600இற்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதில் தலைக்கு 600 படவணு உயரம் வேண்டும். எனவே 354 படவணு முகம் ஒரே முறையில் 1.7 மடங்கு பெரிதாக்கப்படுகிறது. சிறிது சிறிதாகப் பலமுறை பெரிதாக்கினால் ஒவ்வொரு முறையும் மங்கல் கூடும். பின்னர் உடலின் கழுத்து, அட்டிகை, தோள்பட்டைப் பட்டு ஆகியவற்றை `Gaussian Blur` கொண்டு ஒரு படவணுவிற்கும் குறைவான ஆரத்தில் மென்மையாக்க வேண்டும். அட்டிகையின் கற்கள் கண்களைவிடக் கூர்மையாகத் தெரியாத நிலையே அளவுகோல். இறுதியில் படம் முழுவதன் மீதும் `Add Noise` மூலம் 2% அளவில் மெல்லிய மணியுருவைச் சேர்க்கலாம். முகத்தில் மட்டும் கூர்மையூட்டுவது பலர் செய்வது. அதனால் புதிய விவரம் தோன்றுவதில்லை. கண்ணிமையைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் தோன்றுகிறது.

== நிற விவரக்கோப்பு ==

எண்ணிமப் படத்தில் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. அந்த எண்கள் எந்த அளவுமுறையில் எழுதப்பட்டவை என்று கூறுவதே நிற விவரக்கோப்பு. இணையத்திலும் பெரும்பாலான ஒளிப்பட ஆய்வகங்களிலும் பயன்படுவது 1996இல் எச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் முன்வைத்த sRGB ஆகும். உயர்தர ஒளிப்படக் கருவிகளில் இதனுடன் Adobe RGB என்ற அகன்ற நிறவெளியும் தெரிவாக உண்டு.

நெசவாளர் மொழியில் இதனை விளக்கலாம். புடவை ஒன்றின் நீளம் 6 கெஜம் என்றால் அது 5.49 மீட்டர். சீட்டில் "6 கெஜம்" என்பதை அடித்துவிட்டு "5.49 மீட்டர்" என்று எழுதினால் எண் மாறுகிறது, துணி மாறுவதில்லை. "6" என்ற எண்ணை அப்படியே விட்டு "கெஜம்" என்பதை மட்டும் "மீட்டர்" என்று மாற்றினால், சீட்டு அரை மீட்டர் துணியைக் கூடுதலாகக் காட்டும். போட்டோஷாப் மென்பொருளில் முதற் செயலின் பெயர் `Convert to Profile`, இரண்டாவதன் பெயர் `Assign Profile`. விவரக்கோப்பு சரியாக உள்ள படத்தை வேறு நிறவெளிக்கு மாற்ற முதலாவது பயன்படுகிறது. விவரக்கோப்பு இல்லாத படத்திற்கு அதன் உண்மையான அளவுமுறையைச் சூட்ட மட்டுமே இரண்டாவது பயன்படுகிறது.

முகமாற்றத்தில் இரு கோப்புகள் சேர்வதால் குழப்பம் இங்குதான் நேர்கிறது. Adobe RGB முறையில் எடுக்கப்பட்ட உடற்படம் கைமாறி வரும்போது விவரக்கோப்பை இழந்திருந்தால், மென்பொருள் அதை sRGB எனக் கருதும். பட்டு வெளிறி, கழுத்து சாம்பல் பூத்துத் தோன்றும். அந்தக் கழுத்திற்கு இணையாக முகத்தின் நிறத்தைக் குறைப்பவர், பிழையை முகத்திற்கும் பரப்பிவிடுகிறார். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே இரு கோப்புகளையும் தனித்தனியாகத் திறந்து, விவரக்கோப்பைச் சரிபார்த்து, இரண்டையும் `sRGB IEC61966-2.1` என்பதற்கு மாற்றிவிட வேண்டும். தனக்கெனத் தாள் விவரக்கோப்பு வழங்கும் ஆய்வகமாக இருந்தால், அதனை `Proof Setup` வழியாகத் திரையில் முன்னோட்டம் பார்க்கப் பயன்படுத்தலாம். `Gamut Warning` சாம்பல் நிறத்தால் மூடும் இடங்கள் அத்தாளில் அச்சாகாத நிறங்கள். பட்டின் மடிப்புகள் அங்கு இருந்தால், அந்த நிறத்தின் செறிவை மட்டும் சற்றுக் குறைத்தால் மடிப்பு மீளும்.

அடுத்தது பழைய அச்சின் மங்கல். அக்கால வண்ண அச்சுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் சிவந்துவிடுகிறது. இதற்கு அளவுகோல் அதே படத்திலேயே இருப்பது வழக்கம்: குழுப்படத்தில் யாரேனும் வெள்ளை வேட்டி கட்டியிருப்பார். ஒளி படும் வேட்டிப் பரப்பின் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாகும் வரை `Curves` மூலம் முழுக் குழுப்படத்தையும் திருத்திய பின்பே முகத்தை வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய பின் திருத்தினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இதன் பின்னரும் முகமும் கழுத்தும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. கழுத்து வேறொருவருடையது. தாடையோரத்தில் ஓரிடத்தையும் கழுத்தில் ஓரிடத்தையும் `Info` பலகையில் அளந்தால், முகத்தில் 150, 108, 84 என்றும் கழுத்தில் 196, 152, 128 என்றும் எண்கள் வரலாம். இங்கு எதை எதற்கு இணையாக்குவது என்பதே இவ்வேலையின் முதன்மையான முடிவு. நிலையங்களில் விரைவு கருதி முகத்தை வெளுப்பாக்கிக் கழுத்தின் நிறத்திற்குக் கொண்டுவருவது உண்டு. ஆயத்தப் படங்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் வெளுத்த நிறத்தினராக இருப்பதே காரணம். இது தவறான திசை. குடும்பத்தினர் அறிந்தது முகத்தை. கழுத்தையும் கைகளையும் அவர்கள் அறியார். எனவே கழுத்தும், தெரியும் கைகளும், காதோரமும் கீழிறங்கி முகத்தின் எண்களை அடைய வேண்டும். கைகளை மறந்துவிடுவது மிகப் பரவலான பிழை. மடியில் வைத்த கைகள் முகத்தைவிட இரு மடங்கு வெளுத்திருக்கும் நினைவுப் படங்கள் பல வீடுகளில் உள்ளன.

ஆய்வகத்திற்குக் கோப்பை அனுப்பும்போது தானியங்கித் திருத்தம் வேண்டாம் எனக் குறிப்பிட வேண்டும். அச்சுப்பொறி படத்தின் சராசரி நிறத்தைப் பார்த்துத் தானே திருத்தும் அமைப்புடையது. பெரிய பரப்பில் அரக்குப் பட்டு இருந்தால் அதனைச் சிவப்புப் பிழையாகக் கொண்டு, முகத்தைப் பச்சையாக்கிவிடக்கூடும். முழு அச்சிற்கு முன், தாடை, கழுத்து, முந்தானைக் கரை மூன்றும் அடங்கிய பகுதியை மட்டும் 4×6 அங்குலத்தில் அதே அளவு, அதே தாளில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சிக்கனமான சோதனை. தாடையின் கீழ் நிழல் திரையில் தெளிவாக இருந்து தாளில் கருந்திட்டாகிவிட்டால், திரையின் ஒளி அளவுக்கு மேல் வைக்கப்பட்டுள்ளது என்று அறியலாம்.

== தாளின் மேற்பரப்பு ==

கிளாசி எனப்படும் பளபளப்புத் தாள், லஸ்டர் எனப்படும் நுண்புடைப்புத் தாள், மேட் எனப்படும் மங்கல் தாள் ஆகியவை பொதுவாகக் கிடைப்பவை. பளபளப்புத் தாளில் கருமை ஆழமாகவும் சரிகையின் மினுக்கம் வலுவாகவும் அமையும். தாளில் உலோகம் இல்லை. பழுப்பு நிழலுக்கும் வெளிர்மஞ்சள் ஒளிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே சரிகையாகத் தோன்றுகிறது. மங்கல் தாளில் ஆழ்ந்த கருமை சாம்பலாகிவிடுவதால் அந்த ஏற்றத்தாழ்வு சுருங்கி, சரிகை மஞ்சள் சாயம் பூசியதுபோல் ஆகிறது. கூந்தலும் நரைத்ததுபோல் தோன்றும்.

ஆயினும் பளபளப்புத் தாள் நுண்விவரத்தை ஒளிவின்றிக் காட்டுவதால், முகத்திற்கும் உடலுக்கும் இடையில் எஞ்சிய தெளிவு வேறுபாட்டையும் காட்டிவிடும். லஸ்டர் தாளின் நுண்புடைப்பு இரண்டின் மீதும் ஒரே சீராகப் படர்ந்து அவ்வேறுபாட்டை மறைக்கிறது. கருமையும் பளபளப்புத் தாளுக்கு அருகில் நிற்கிறது. முகமாற்று உருவப்படத்திற்கு இதுவே பொருத்தமான தெரிவு. முத்துப்போல் மின்னும் உலோகத் தோற்றத் தாள்கள் சரிகைக்காகப் பரிந்துரைக்கப்படுவதுண்டு. அவை சரிகையை மட்டும் தெரிந்து மினுக்குவதில்லை. நெற்றியையும் கன்னத்தையும் எண்ணெய் பூசியதுபோல் மினுக்குகின்றன.

தமிழ்நாட்டு நினைவுப் படங்களுக்குக் கண்ணாடி தவிர்க்க இயலாதது. சந்தனமும் குங்குமமும் படத்தின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின் மீது இடப்படுகின்றன. ஈரத்துணியால் துடைக்கவும் படுகின்றன. கண்ணாடியற்ற லேமினேசன் படமும் கித்தான் அச்சும் இதற்கு ஏற்றவை அல்ல. அக்ரிலிக் தகடு துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். ஆனால் சாதாரணக் கண்ணாடி தன் இரு பரப்புகளாலும் சேர்த்து ஏறத்தாழ 8% ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எதிரில் சன்னல் இருக்கும் சுவரில் இது மேலும் தெரியும் என்பதால், படத்தின் கருநிழல்களைச் சற்று வெளிச்சமாக வைத்து அச்சிடுவது வழக்கம்.

அச்சு கண்ணாடியைத் தொடக்கூடாது. வண்ணத்தாளின் மேற்படலம் ஜெலட்டினால் ஆனது. மழைக்கால ஈரத்தில் இளகி, கண்ணாடியுடன் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் நனைந்த திட்டுபோல் முதலில் தெரியும். பிரிக்க முயன்றால் படலம் கண்ணாடியோடு உரிந்து வரும். பளபளப்புத் தாளில் இது விரைவாகவும் லஸ்டரில் சற்றுத் தாமதமாகவும் நிகழ்கிறது. இரண்டு மில்லிமீட்டர் தடித்த அட்டை விளிம்பை அச்சிற்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்தால் போதும். சட்டத்தின் உள்வரம்பு ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் வரை மறைக்கும். ஆகவே கொண்டைப் பூவோ முந்தானைக் கரையோ விளிம்பைத் தொடாதபடி கோப்பிலேயே இடம் விடப்பட வேண்டும்.

வருடப்பட்ட குழுப்படத்தின் திருத்தப்படாத கோப்பு, அச்சுக்கோப்பிலிருந்து தனியாகச் சேமிக்கப்படுகிறது. சட்டத்தின் பின்புற அட்டையில், முகம் எந்த ஆண்டின் எந்தப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பென்சிலால் எழுதி வைக்கும் நிலையங்களும் உண்டு. அடுத்த தலைமுறையினர் அப்புடவையையும் அக்கைகளையும் பாட்டியுடையவை என்று எண்ணிக்கொள்வதை அக்குறிப்புத் தடுக்கிறது.